பதினான்காயிரம் சம்பளம் சட்டப்படி சரிதானா?

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணிடம் "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டால், "பதினாலாயிரம்" என்று பதில் வரும். கேட்டவரும் "பரவாயில்லையே" என்று தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். "எத்தனை மணி நேரத்துக்கு?" என்று யாரும் கேட்பதில்லை.

சின்னதும் பெரியதுமாகச் சில கடைகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதுவது என் தொழில். மாதத்துக்கு எவ்வளவு என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, அது சட்டம் சொல்லும் குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேலா கீழா என்று சொல்லவே முடியாது என்பதை இந்தத் தொழிலில்தான் கற்றுக்கொண்டேன். குறைந்தபட்ச ஊதியம் என்பது வழக்கமான ஒரு வேலை நாளுக்கு, கடைகளைப் பொறுத்தவரை எட்டு மணி நேர நாளுக்கு, விதிக்கப்பட்ட விலை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கடையில் நிற்பவருக்கு அந்த மாதத் தொகையைக் கொடுத்துவிட்டு "சட்டப்படிதான் கொடுக்கிறோம்" என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத் தமிழ்நாட்டுக் கடைத் தொழிலாளி ஒருவரின் கணக்கைப் போட்டே பார்க்கலாம். வீட்டு வேலைக்கு வருபவர்களின் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி. அதைக் கடைசியில் பார்ப்போம்.

எந்தத் தொகையோடு ஒப்பிடுவது?

2024 செப்டம்பரில் "குறைந்தபட்ச ஊதியம் நாளுக்கு 783 ரூபாய்" என்று செய்தி வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு கடைப் பையன் அதை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு நேராக முதலாளியிடம் போய் நின்றான். "அது நமக்குப் பொருந்தாதுப்பா" என்று முதலாளி சிரித்தார். அந்த விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது சரி. 783 என்பது மத்திய அரசின் ஆளுகைக்குள் வரும் வேலைகளுக்கு, அதிலும் பெருநகரங்கள் அடங்கிய ஏ பிரிவுப் பகுதிகளில் திறன் தேவைப்படாத வேலைக்கு, 2024 அக்டோபர் முதல் அறிவிக்கப்பட்ட தொகை. மதுரையில் இருக்கும் ஒரு துணிக்கடைக்கு அது பொருந்தாது. கடைகளுக்கும் வீடுகளுக்கும் மாநில அரசு வெளியிடும் அறிவிக்கைதான் கணக்கு.

மாநில அரசும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தொகையை அறிவிப்பதில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி அறிவிக்கை உண்டு. கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் ஒன்று, ஹோட்டல்களுக்கு ஒன்று, மருத்துவமனைகளுக்கு ஒன்று, தையல் தொழிலுக்கு ஒன்று, பாதுகாப்புக் காவலர்களுக்கு ஒன்று என்று பட்டியல் நீளும். தொழிலாளர் துறையின் `labour.tn.gov.in` தளத்தில் தேடலாம். அதில் தேடிக் களைத்தவர்கள் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் நேரில் கேட்பது எளிது.

சரியான அறிவிக்கை கையில் கிடைத்ததும் அதற்குள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, வேலையின் பெயர். விற்பனையாளர், கணக்கர், காசாளர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு தொகை இருக்கும். அடையாள அட்டையில் "உதவியாளர்" என்று அச்சடித்திருந்தாலும் நாள் முழுக்க சேலை எடுத்துப் போட்டு விற்பவர் விற்பனையாளர்தான். அட்டையை விட்டுவிட்டு, செய்யும் வேலையைப் பாருங்கள். இரண்டாவது, ஊர். பல அறிவிக்கைகளில் மாநகராட்சிகளும் பெரிய நகராட்சிகளும் ஒரு மண்டலம், அடுத்த நிலை நகராட்சிகள் இன்னொன்று, மற்ற ஊர்கள் மூன்றாவது என்று பிரித்திருப்பார்கள். கடை இருக்கும் ஊர்தான் கணக்கு. தொழிலாளியின் சொந்த ஊர் எதுவானாலும் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இப்போது பலர் கோட்டை விடும் இடத்துக்கு வருவோம். அறிவிக்கையில் பெரிதாகத் தெரிவது அடிப்படை ஊதியம். அது பல வருடம் மாறாமல் அப்படியே கிடக்கும். ஆண்டுதோறும் மாறுவது அதன் மேல் சேரும் பஞ்சப்படி. அரசாணைகளில் அகவிலைப்படி என்று எழுதுவார்கள். சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டி எத்தனை புள்ளி உயர்ந்திருக்கிறதோ, ஒவ்வொரு புள்ளிக்கும் மாதம் இவ்வளவு ரூபாய் என்று அறிவிக்கையிலேயே சூத்திரம் எழுதியிருக்கும். முந்தைய ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரியை எடுத்து, ஏப்ரல் 1 முதல் புதிய பஞ்சப்படி அமலுக்கு வரும். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்ததுதான் குறைந்தபட்ச ஊதியம். அடிப்படையை மட்டும் காட்டி "பாருங்க, இதைவிட அதிகமாத்தானே தர்றோம்" என்று சொல்வதும், மூன்று வருடத்துக்கு முந்தைய பஞ்சப்படியிலேயே நிற்பதும் நான் கணக்குப் புத்தகங்களில் அடிக்கடி பார்ப்பவை. வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு; ஏப்ரலில் மாறும் என்பதே தெரியாதவர்களும் உண்டு.

சட்டத்தின் பெயரைப் பற்றி ஒரு வரி. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இருந்த இடத்தில் இப்போது இருப்பது, 2019இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு. பழைய சட்டத்தின் கீழ் வந்த அறிவிக்கைகள் புதியதோடு முரண்படாத வரை செல்லும். எனவே "பழைய சட்டமே போயிடுச்சு, இனிமே எதுவும் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரு மாதச் சம்பளத்தைப் பிரித்துப் பார்ப்போம்

மதுரையில் ஒரு ஜவுளிக்கடை. சேலைப் பிரிவில் ஒரு பெண். மாதச் சம்பளம் 14,000. காலை ஒன்பதரைக்கு வர வேண்டும், இரவு ஒன்பதுக்குக் கிளம்பலாம். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், காலையும் மாலையும் டீக்குக் கால் மணி நேரம். வாரம் ஒரு நாள் விடுமுறை.

ஒப்பிட ஒரு தொகை வேண்டும். உண்மையான தொகை வேலைக்கு வேலை, வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால், கணக்கு எளிதாக வர அடிப்படை 5,000, பஞ்சப்படி 8,000, ஆக 13,000 என்று வைத்துக்கொள்கிறேன். இது நான் உதாரணத்துக்குப் போட்ட எண் மட்டுமே. நீங்கள் கணக்குப் போடும்போது அந்த இடத்தில் நடப்பு ஆண்டின் தொகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் 14,000 என்பது 13,000ஐ விட ஆயிரம் அதிகம். பிரச்சினையே இல்லை என்று தோன்றும்.

இனி நேரத்தைப் பார்ப்போம். ஒன்பதரையிலிருந்து ஒன்பது வரை பதினொன்றரை மணி நேரம். சாப்பாட்டு நேரம், டீ நேரம் எல்லாவற்றையும் கடைக்காரருக்குச் சாதகமாகவே கழித்துவிடலாம். ஒன்றரை மணி நேரம் போக, வேலை நேரம் பத்து மணி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இலிருந்து சொல்லிவருவது நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு. அதாவது இந்தப் பெண் தினமும் இரண்டு மணி நேரம் ஓவர்டைம் பார்க்கிறார். அவர் அதை ஓவர்டைம் என்று நினைத்ததே கிடையாது. "கடை டைமே அதுதானே" என்பார்.

ஓவர்டைமுக்குச் சட்டம் கேட்பது இரட்டைக் கூலி. மாதத் தொகையிலிருந்து ஒரு மணி நேரத்தின் விலையைக் கண்டுபிடிக்க முதலில் 26ஆல் வகுக்க வேண்டும். 30ஆல் வகுக்கக் கூடாது. மாத ஊதியத்தில் வார விடுமுறை நாள்களின் சம்பளமும் அடக்கம் என்பதால்தான் 26 என்று அறிவிக்கைகளே சொல்கின்றன. கணக்கு இப்படி வரும்:

```
13,000 ÷ 26      = 500      ஒரு நாளுக்கு
500 ÷ 8          = 62.50    ஒரு மணி நேரத்துக்கு
62.50 × 2        = 125      ஓவர்டைம் ஒரு மணிக்கு
2 மணி × 26 நாள்  = 52 மணி
52 × 125         = 6,500
13,000 + 6,500   = 19,500   குறைந்தது கிடைக்க வேண்டியது
19,500 - 14,000  = 5,500    குறைவு
```

ஆயிரம் அதிகம் என்று தோன்றிய சம்பளம் ஐயாயிரத்து ஐந்நூறு குறைவு. இதுவும் கீழ்மட்டக் கணக்குதான். ஓவர்டைமுக்கு இரட்டிப்பாக்க வேண்டியது தொழிலாளியின் வழக்கமான கூலியை. அந்த 14,000 எட்டு மணி நேரத்துக்குப் பேசிய சம்பளம் என்றால் மணிக்கூலியும் அதற்கேற்ப உயரும், பாக்கியும் உயரும்.

இந்த இடத்தில் கடை முதலாளி சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். "சேரும்போதே பேசிட்டோம், பத்து மணி நேரத்துக்குத்தான் பதினாலாயிரம். அந்தப் பொண்ணும் சரின்னு சொல்லிச்சு." அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் பேசியிருப்பார்கள். ஆனால் சட்டப்படி கிடைக்க வேண்டிய ஊதியத்தை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி கையெழுத்தே போட்டிருந்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. பழைய சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது, புதிய தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது.

இன்னொரு சங்கடமும் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஓவர்டைமையும் சேர்த்து நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு ஐம்பத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அதே 1947 சட்டத்தின் வரம்பு. ஆறு நாள் பத்து மணி என்றால் அறுபது. காசு கொடுத்தால்கூட இது வரம்பு மீறல்தான். ஆனால் "அது மீறல், அதனால் அதற்குச் சம்பளம் கிடையாது" என்று முதலாளி தப்பிக்க முடியாது. வாங்கிய வேலைக்குக் கூலி உண்டு. (நாள் முழுக்க நின்றே இருக்கும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு இந்தச் சட்டத்தைத் திருத்தியது. இருக்கைகள் பல கடைகளுக்கு வந்துவிட்டன. அவற்றில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது கவனியுங்கள்.)

கணக்கில் ஏறாத அரைமணி

ஒன்பது மணிக்கு ஷட்டர் பாதி இறங்கும். அதன் பிறகு என்ன நடக்கும் என்று ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்க வேண்டும், சில கடைகளில் பை சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும். சாதாரண நாளில் அரை மணி நேரம். ஆடித் தள்ளுபடி சமயத்திலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் பத்தரை, பதினொன்று கூட ஆகும்.

அந்த அரைமணியும் வேலை நேரம்தான். மாதத்துக்குப் பதின்மூன்று மணி, மணிக்கு 125 வீதம் 1,625 ரூபாய். மேலே வந்த குறைவோடு சேர்த்தால் 7,125. யாராவது தன் சம்பளத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தால், முதல் வேலையாக அவரைக் "கடை நேரம்" என்ற சொல்லை மறக்கச் சொல்வேன். வீட்டிலிருந்து கிளம்பும் நேரமும் கணக்கு இல்லை, போர்டில் எழுதியிருக்கும் நேரமும் கணக்கு இல்லை. கடைக்குள் வேலைக்கு வந்து நின்ற நிமிடத்திலிருந்து, "போகலாம்" என்று சொன்ன நிமிடம் வரை எழுத வேண்டும். இரண்டு வாரம் விடாமல் எழுதினால் போதும், சராசரி கிடைத்துவிடும்.

வார விடுமுறையில் நடக்கும் கழித்தல் இன்னொரு வகை. "மாசம் பதினாலாயிரம்" என்று பேசிவிட்டு, சம்பள நாளில் 14,000ஐ 30ஆல் வகுத்து, வந்த 26 நாளால் பெருக்கி 12,133 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் போய்விட்டது. ஓவர்டைம் பேச்சே இல்லாமல், எட்டு மணி நேரக் கடையாகவே இருந்தாலும், நம் உதாரணத் தொகையான 13,000க்கு இது கீழே. பேசிய சம்பளத்தை விட்டுவிட்டு, கைக்கு வந்ததை வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும்.

சம்பளச் சீட்டில் எதைக் கூட்டலாம், எதைக் கூடாது

கைக்கு வருவதை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஆனால் அதிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பி.எஃப், இ.எஸ்.ஐ இரண்டிலும் தொழிலாளியின் பங்காகப் பிடிப்பது சட்டப்படியான பிடித்தம். இ.எஸ்.ஐயில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். தன் பங்கு பிடித்ததால் கையில் வந்தது குறைந்தபட்சத்துக்குக் கீழே தெரிந்தால் அது குறைவு ஆகாது. அந்தத் தொகையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு ஒப்பிட வேண்டும். முதலாளியின் பங்கையும் சேர்த்துத் தொழிலாளியின் சம்பளத்திலேயே பிடிப்பதுதான் தவறு. சீட்டில் இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா, எந்தப் பங்கு கழிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

படிகள் விஷயத்தில்தான் எங்கள் தொழில்காரர்களின் கைவண்ணம் இருக்கும். 14,000 சம்பளத்தை அடிப்படையும் பஞ்சப்படியுமாக 6,000, வீட்டு வாடகைப்படி 5,000, பயணப்படி 3,000 என்று சீட்டில் பிரித்துவிடுவார்கள். மொத்தம் அதேதான். பி.எஃப் குறைவாகக் கட்டலாம் என்பது நோக்கம். ஆனால் ஊதியச் சட்டத் தொகுப்பு "ஊதியம்" என்பதற்குத் தரும் விளக்கத்தில் வீட்டு வாடகைப்படியும் பயணப்படியும் வெளியே நிற்கின்றன. ஓவர்டைம் தொகையும் கமிஷனும்கூட வெளியேதான். இப்படி வெளியே நிற்பவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய அளவை மட்டும் திரும்ப உள்ளே சேர்க்க வேண்டும். இந்தச் சீட்டில் வெளியே நிற்பது 8,000. பாதி 7,000. தாண்டியது 1,000. ஆக, ஊதியம் என்று எண்ணக்கூடியது 7,000 மட்டுமே. பி.எஃப்பை மிச்சப்படுத்தப் போய், ஓவர்டைம் கணக்குக்குள் போகும் முன்பே குறைந்தபட்ச ஊதியத்தில் மாட்டிக்கொள்ளும் சீட்டு இது.

அபராதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் தாமதமானால் நூறு ரூபாய், கைபேசியைத் தொட்டால் இருநூறு என்று சுவரில் ஒட்டிவைக்கும் கடைகள் உண்டு. நினைத்ததற்கெல்லாம் அபராதம் போட முடியாது. எந்தெந்தச் செயலுக்கு என்பது அனுமதி பெற்ற பட்டியலாக இருக்க வேண்டும், தொழிலாளி தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அப்படியும் ஒரு மாதத்தில் ஊதியத்தின் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பொருள் தொலைந்தால் அந்தப் பிரிவில் நிற்கும் எல்லோர் சம்பளத்திலும் சமமாகப் பிடிப்பதும் இதே ரகம். அவரவர் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு, அவரிடம் விளக்கம் கேட்ட பிறகே பிடிக்கலாம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது.

இவ்வளவையும் தாண்டிய ஒரு தந்திரம் உண்டு. சீட்டு சுத்தமாக இருக்கும், வங்கிக் கணக்கில் முழுத் தொகையும் ஏறும், ஏ.டி.எம் அட்டை மட்டும் கடையின் மேசைக்குள் இருக்கும். இதை எந்தக் கணக்கும் பிடிக்காது. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் பணம் ஏறிய அன்றோ மறுநாளோ ஒரு பகுதி வெளியே போயிருப்பது தெரிந்தால், அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

குறைவு என்று தெரிந்த பிறகு

மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கும். அங்கே எழுத்தில் புகார் கொடுக்கலாம். புகாரில் கோபத்தைவிட எண்கள் வேலை செய்யும். எந்தத் தேதியிலிருந்து வேலை, என்ன வேலை, வந்த நேரம், போன நேரம், விடுமுறை நாள், வாங்கிய தொகை, பிடித்த தொகை, மேலே நாம் போட்ட மாதிரி ஒரு மாதக் கணக்கு. அவ்வளவு போதும். பாக்கியைக் கேட்டு மனுப் போடப் பழைய சட்டம் தந்த அவகாசம் ஆறு மாதம்தான். புதிய தொகுப்பு அதை மூன்று வருடமாக்கியிருக்கிறது. தொழிலாளியே மனுப் போடலாம், பதிவு பெற்ற தொழிற்சங்கமும் போடலாம். பாக்கியோடு சேர்த்து, அதைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்க விசாரணை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

"என்கிட்ட ஆதாரமே இல்லையே" என்று தயங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊதியம் தரவில்லை என்று கேட்டுப் போகும்போது, தந்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. ஆனால் அந்தக் கடையில் வேலை பார்த்ததையும் எத்தனை மணி நேரம் நின்றதையும் காட்ட நம் கையிலும் ஏதாவது இருந்தால் நல்லது. அடையாள அட்டையின் படம், "நாளைக்கு ஒன்பது மணிக்கே வந்துடுங்க" என்று மேலாளர் போட்ட வாட்ஸ்அப் செய்தி, தினமும் நேரம் எழுதிய சின்ன நோட்டு. பின்னால் உட்கார்ந்து மொத்தமாக எழுதிய நோட்டைவிட, பேனா மாறி மாறி, ஓரம் கசங்கிய நோட்டை எதிர்த்தரப்பு வக்கீலால் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

வேலையில் இருந்துகொண்டே புகார் கொடுப்பது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடை விடுதியிலேயே தங்கியிருக்கும் பெண்ணுக்கு வேலை போனால் அன்றிரவே இடமும் போகும். வேலையை விட்ட பிறகு மனுப் போடுகிறவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம். அவகாசம் மூன்று வருடமானது அவர்களுக்குத்தான் பெரிய வித்தியாசம்.

வீட்டு வேலைக்கு வருபவரின் கணக்கு

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று நலவாரியம் 2007இல் வந்தது. குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயமானது 2018இல். அதில் மாதத் தொகையோடு மணிக்கூலியும் இருக்கிறது. ஒருவர் காலையில் மூன்று வீடு, மாலையில் இரண்டு வீடு என்று போகும் தொழிலில் மணிக்கூலிதான் பயன்படும் அளவுகோல். இங்கேயும் 2018இல் செய்தித்தாளில் வந்த எண்ணை எடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. அதற்குப் பிறகு எத்தனையோ ஏப்ரல் போய்விட்டது.

கடைக் கணக்கை இவ்வளவு பேசுகிற நான் என் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தது ரொம்பத் தாமதமாகத்தான். எங்கள் வீட்டுக்கு ஒரு அக்கா பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைக்க வருகிறார். மாதம் 2,500. காலை ஏழு மணிக்கு வந்து எட்டரைக்குப் போய்விடுவார் என்பது எங்கள் எண்ணம். மாதம் இரண்டு நாள் விடுப்புப் போக 28 நாள். ஒன்றரை மணி வீதம் 42 மணி நேரம். 2,500ஐ 42ஆல் வகுத்தால் மணிக்கு 59 ரூபாய் 52 காசு. சரி, மோசமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். எட்டரைக்கு அவர் கிளம்பியது ஒரே ஒரு நாள். மற்ற நாள்களில் "அக்கா, அப்படியே இந்தக் கொத்தமல்லியை ஆய்ஞ்சு வெச்சிடுங்க", "மாடியில துணி எடுத்துட்டுப் போயிடுங்க" என்று ஏதாவது ஒன்று. சராசரியாக ஒன்பது ஆகிவிடுகிறது. அப்படியானால் தினம் இரண்டு மணி, மாதம் 56 மணி. 2,500ஐ 56ஆல் வகுத்தால் மணிக்கு 44 ரூபாய் 64 காசு. சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறைக்காமலேயே மணிக்குப் பதினைந்து ரூபாய் குறைத்திருக்கிறோம். ஜவுளிக்கடையில் ஷட்டர் இறங்கிய பிறகு நடக்கும் அதே அரைமணிதான், எங்கள் வீட்டில் கொத்தமல்லியாக நடந்திருக்கிறது.

அறிவிக்கையில் உள்ள நடப்பு மணிக்கூலியோடு ஒப்பிட வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான். காலையில் கொடுக்கும் காபியையும் இட்லியையும் பொங்கலுக்கு எடுக்கும் சேலையையும் இதில் கூட்டக் கூடாது. கொடுப்பது நல்லது, ஆனால் ஊதியம் காசாக எண்ணப்பட வேண்டியது. வீட்டிலேயே தங்கி வேலை பார்ப்பவர் என்றால் நேரத்தை எழுதுவது இன்னும் முக்கியம். காலை ஐந்தரைப் பால் பாத்திரத்திலிருந்து இரவு பத்தரைக்கு அடுப்படியைத் துடைப்பது வரை நடுவே எவ்வளவு நேரம் உண்மையிலேயே அவருடைய நேரம் என்று பிரித்து எழுதாவிட்டால், மாதச் சம்பளம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் அதற்கு அர்த்தம் இல்லை.

கடைகளைப் போல வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு எல்லாம் வீடுகளுக்குக் கட்டாயம் இல்லை. ஐந்து பேர் வரை வீட்டு வேலைக்கு வைத்திருப்பவருக்குச் சட்டம் அந்த விலக்கைத் தருகிறது. ஆனால் ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்டால், சம்பளம் கொடுத்ததற்கு நியாயமான ஆதாரம் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் தினமும் வந்த நேரமும் போன நேரமும் இருக்கின்றன. மாதக் கடைசியில் அக்கா கூட்டிப் பார்த்துத் தொகையைச் சொல்கிறார், நான் ஜிபேயில் அனுப்புகிறேன், இருவரும் அதன் கீழே கையெழுத்துப் போடுகிறோம். போன மாதம் என் கூட்டலில் மூன்று மணி நேரம் விட்டுப்போயிருந்தது. அவர்தான் கண்டுபிடித்தார்.